தூண் வலுவா, பீம் வலுவா: சந்திப்பில் ஒரு கணக்கு

நிலநடுக்கத்துக்கான கட்டட வடிவமைப்பில் மற்ற எல்லாக் கணக்கிலும் ஒரே கேள்விதான்: வரும் விசையை உறுப்பு தாங்குமா? இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகும் கணக்கில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. விசை எவ்வளவு வந்தாலும் சரி, தூணும் பீமும் சேருமிடத்தில் முதலில் எது தோற்க வேண்டும் என்று நாமே தீர்மானிக்கிறோம். பீம்தான் முதலில் தோற்க வேண்டும். அதற்குத் தூணின் வளைவுத்திறன் பீமைவிடப் போதுமான அளவு கூடுதலாக இருக்க வேண்டும்.

ஏன் பீம்? ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாடிக்கு 3 மீட்டர், மொத்த உயரம் 15 மீட்டர். பெரிய நடுக்கத்தில் அதன் உச்சி 225 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்கிறது என்று வைப்போம். பீம்களின் முனைகள் எல்லா மாடியிலும் இளகினால், கட்டடம் முழு உயரத்துக்கும் ஒரே சாய்வில் சாயும். 225-ஐ 15,000-ஆல் வகுத்தால் 0.015 ரேடியன். ஒவ்வொரு இளகிய முனையும் அவ்வளவு திரும்பினால் போதும். நன்றாக ரிங் கட்டிய பீம் முனை அதைத் தாங்கிக்கொள்ளும். மாறாக, ஏதோ ஒரு மாடியில் தூண்களின் மேல் முனையும் கீழ் முனையும் இளகிவிட்டால் அதே 225 மில்லிமீட்டரும் அந்த ஒரு மாடியின் 3 மீட்டருக்குள் முடிய வேண்டும். 0.075 ரேடியன், ஐந்து மடங்கு. மேலே உள்ள மாடிகளின் மொத்தப் பாரமும் அந்த மாடித் தூண்களின் மேல் நிற்கிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். சாய்ந்த தூணில் அந்தப் பாரமே மேலும் சாய்க்கும். 2001 ஜனவரி 26 அன்று கட்ச் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் விழுந்தன. கார் நிறுத்தத் தரைத்தளத்தைச் சுவரில்லாமல் திறந்துவிட்ட கட்டடங்கள் அவற்றில் நிறைய. அங்கே இளகியது தரைத்தளத் தூண்கள். மேல் மாடிகள் பெரிய சேதமில்லாமல், அப்படியே கீழே உட்கார்ந்தன.

இதில் ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். திறந்த தரைத்தளத்தின் கோளாறை இந்தச் சந்திப்புக் கணக்கு மட்டும் தீர்த்துவிடாது. மேலே செங்கல் சுவர்கள் பீமையும் தூணையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கும்போது, சட்டகம் நாம் நினைத்தபடி வளையாது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். சந்திப்புக் கணக்கு, சட்டகம் சட்டகமாக வேலை செய்யும்போது அது எந்த வரிசையில் இளகும் என்பதை மட்டுமே சொல்கிறது.

விதி கேட்பது

ஐ.எஸ். 13920-இன் 1993 பதிப்பில் இந்தக் கணக்கு கிடையாது. 2016 திருத்தத்தில்தான் வந்தது. அதன் 7.2.1 பிரிவு கேட்பது இவ்வளவுதான்:

ΣMc ≥ 1.4 ΣMb

ஒரு சந்திப்பில் சேரும் தூண்களின் வளைவுத்திறன் கூட்டுத்தொகை, அதே தளத்தில் அங்கே சேரும் பீம்களின் வளைவுத்திறன் கூட்டுத்தொகையைப் போல 1.4 மடங்காவது இருக்க வேண்டும். கட்டடத்தின் இரண்டு முதன்மைத் திசைகளிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நடுக்கம் இடமிருந்து வந்தாலும் வலமிருந்து வந்தாலும் பொருந்த வேண்டும். பொருந்தாத சந்திப்பின் தூணை வெறும் பாரம் தாங்கும் தூணாக மட்டுமே கருத வேண்டும், நடுக்க விசையை எதிர்க்கும் சட்டகத்தில் சேர்க்கக் கூடாது என்கிறது விதி. சிறு தண்டனை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வரிசையில் இரண்டு தூண்களை அப்படி ஒதுக்கினால், மிச்சத் தூண்களின் கணக்கு முழுவதையும் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

கட்ச் மண்டலம் ஐந்தில் இருக்கிறது. சென்னை 2002 திருத்தத்திலிருந்து மண்டலம் மூன்றில். மூன்றிலிருந்தே இந்த விதித்தொகுப்பு பொருந்தும் என்பதால் அண்ணாநகரில் கட்டினாலும் கணக்கு இதேதான்.

அமெரிக்க ஏ.சி.ஐ. 318-இல் இந்தப் பெருக்கெண் 6/5, யூரோகோடு 8-இல் 1.3. எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது கடுமை என்று பேசுவதில் பொருளில்லை. ஒவ்வொரு விதியும் திறனைக் கணக்கிடும் முறை வேறு.

எந்தத் திறன், எந்தப் பக்கம்

புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கே. பகுப்பாய்வில் கிடைத்த வளைவு விசைகளை எடுத்துக் கூட்டிவிடுவார்கள். அந்த எண்களுக்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை. பீமில் உண்மையில் எத்தனை கம்பி போடப்போகிறோம், அந்தக் கம்பியோடு அந்தப் பீம் அதிகபட்சம் எவ்வளவு வளைவைத் தாங்கும் என்பதுதான் Mb. தேவை 1,010 சதுர மில்லிமீட்டர்தான், ஆனால் வரைபடத்தில் நான்கு 20 மி.மீ. கம்பி போட்டிருக்கிறோம் என்றால், 1,257-ஐத்தான் எடுக்க வேண்டும். மென்பொருள்கள் பல சமயம் தேவையான கம்பியை வைத்துக்கொண்டு விகிதத்தை அச்சிட்டுக் கொடுத்துவிடும். அந்த அட்டவணையில் எல்லாச் சந்திப்பும் பச்சையாக இருப்பதை நம்பி வரைபடத்தை அனுப்பக் கூடாது. கம்பி விவரம் முடிவான பிறகு ஒரு முறை கையால் போட்டுப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

அடுத்தது திசை. சாதாரணப் பாரத்தில், நடுத்தூணின் இரு பக்கப் பீம்களும் மேல்பக்கம் இழுவையில் இருக்கும். இரண்டு வளைவும் சந்திப்பை எதிரெதிராகத் திருப்பப் பார்த்து ஒன்றையொன்று பெரும்பாலும் கழித்துக்கொள்ளும். நடுக்கத்தில் அப்படியில்லை. ஒரு பக்கப் பீமின் மேல்கம்பி இழுபடும்போது மறுபக்கப் பீமின் கீழ்க்கம்பி இழுபடும். இரண்டும் சந்திப்பை ஒரே பக்கமாகத் திருப்பும். ஆகவே ஒரு பக்கத்தின் மேல்கம்பித் திறனையும் மறுபக்கத்தின் கீழ்க்கம்பித் திறனையும் கூட்ட வேண்டும். இரு பக்கமும் ஒரே பீம் என்றால் இடமும் வலமும் ஒரே தொகை வரும். வெவ்வேறு பீம் என்றால் இரண்டு தொகைகள் வரும், பெரியதுதான் ஆளும்.

மூன்றாவது, இந்தக் கணக்கின் தலைகீழ்த் தன்மை. கட்டட வடிவமைப்பில் திறனைக் கொஞ்சம் குறைத்து மதிப்பிடுவது பாதுகாப்பான பக்கம் என்று கையே பழகிவிட்டிருக்கும். பீமில் அமுக்கப் பக்கத்துக் கம்பியைக் கணக்கில் விடுவோம், ஸ்லாபை விடுவோம், எல்லாம் “சேஃப் சைடு”. தூணுக்கு அது சரி. பீமுக்கு, இந்த ஒரு கணக்கில், அது தவறான பக்கம். பீமின் திறனைக் குறைத்துக் காட்டினால் தூண் வலுவானது போலத் தோன்றும், அவ்வளவுதான். தூணைக் குறைத்தும் பீமைக் கூட்டியும் மதிப்பிட வேண்டும்.

ஒரு சந்திப்பு, எண்களோடு

பூஜில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் நடுச்சந்திப்பு, இரண்டாம் மாடி மட்டம் என்று வைத்துக்கொள்வோம். காங்கிரீட் எம்25, கம்பி எஃப்.இ. 500டி. இரு பக்கமும் பீம் 300 × 500 மி.மீ., கம்பியின் மையம்வரை ஆழம் 450. மேலே நான்கு 20 மி.மீ. கம்பி, கீழே மூன்று. ஸ்லாப் 125 மி.மீ. தூண் 400 × 400, அதில் எட்டு 20 மி.மீ. கம்பி. இனி வரும் வளைவுத்திறன்கள் எல்லாம் கிலோநியூட்டன்-மீட்டரில்.

முதலில் பீம், மேல்கம்பி இழுபடும் நிலை. நான்கு கம்பியின் பரப்பு 1,257. இழுவிசை 0.87 × 500 × 1,257, அதாவது சுமார் 547 கிலோநியூட்டன். கீழே உள்ள மூன்று கம்பியை மறந்துவிட்டுக் கணக்கிட்டால் திறன் 200 வரும். அவற்றையும் சேர்த்து, அமுக்கத்தில் அவை பங்கெடுப்பதாகச் சமன் செய்து பார்த்தால் அமுக்கப் பகுதியின் ஆழம் 203-லிருந்து 93 மில்லிமீட்டராகச் சுருங்கும், நெம்புகரம் நீளும், திறன் 221 ஆகும். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். மேலே சொன்ன தலைகீழ்த் தன்மை இதுதான். நாம் 221-ஐ எடுக்கிறோம்.

கீழ்க்கம்பி இழுபடும் நிலையில் ஸ்லாப் அமுக்கத்துக்கு வருகிறது. 942 சதுர மில்லிமீட்டர் கம்பியின் இழுவிசை 410 கிலோநியூட்டன். ஸ்லாபின் பங்கெடுக்கும் அகலம் சுமார் 1.6 மீட்டர் என்பதால் அமுக்கப் பகுதி 28 மில்லிமீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. திறன் 180.

ஆக ΣMb = 221 + 180 = 401. அதன் 1.4 மடங்கு 561. மேல் தூணும் கீழ்த் தூணும் சேர்ந்து இதைத் தர வேண்டும்.

தூணின் திறன் அதன் மேல் இருக்கும் அச்சுப்பாரத்தைப் பொறுத்தது. அதனால் எந்தப் பாரத்தை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். விதி, பரிசீலிக்கும் திசையின் நடுக்கத்தோடு வரும் பாரச் சேர்க்கைகளில் எது மிகக் குறைந்த திறனைத் தருமோ அதைக் கேட்கிறது. நம் தூண் போன்ற நடு உயரத் தூண்களில் பாரம் குறையக் குறையத் திறனும் குறையும், ஏனெனில் மேலிருந்து அமுக்கும் பாரம்தான் இழுவைக் கம்பிக்கு ஒத்தாசை. எனவே நிலைப்பாரத்தை 0.9 மடங்காகக் குறைத்த சேர்க்கையே இங்கே ஆளும். அதில் சந்திப்புக்கு மேலே 450, கீழே 600 கிலோநியூட்டன் என்று வைப்போம். தரைத்தளத்துத் தூண்களிலோ, மாடி அதிகமான கட்டடங்களிலோ கதை மாறும். ஒரு கட்டத்துக்கு மேல் பாரம் ஏறினால் திறன் இறங்கத் தொடங்கும். அடுத்து வரப்போகும் 500 மி.மீ. தூணில் அந்தத் திருப்பம் ஏறத்தாழ 1,000 கிலோநியூட்டனில் வருகிறது. அங்கே பெரிய பாரத்தையும் சோதித்தாக வேண்டும்.

400 × 400 தூணில் எட்டு 20 மி.மீ. கம்பியோடு, 450 கிலோநியூட்டனில் திறன் 184, 600-இல் 189. கூட்டினால் 373. தேவை 561. விகிதம் 373/401, அதாவது 0.93. பீமைவிடத் தூணே பலவீனம். இத்தனைக்கும் இதே தூண் பகுப்பாய்வின் வளைவு விசைக்கும் பாரத்துக்கும் எந்தக் குறையுமில்லாமல் பாஸாகியிருக்கலாம். சாதாரண வடிவமைப்பு இந்தக் குறையைக் காட்டிக்கொடுக்காது.

உடனே எல்லோருக்கும் தோன்றுவது கம்பியைக் கூட்டலாம் என்பதுதான். எட்டு 20-ஐ எட்டு 25 ஆக்குவோம். கம்பி அளவு 1.57 சதவீதத்திலிருந்து 2.45 ஆகிறது. திறன்கள் 246, 249. தொகை 495. இன்னும் போதவில்லை. கம்பி ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடியும் திறன் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. இதற்கு மேல் கம்பியைத் திணித்தால், சந்திப்புக்குள் பீம் கம்பியும் தூண் கம்பியும் ரிங்கும் மோதி, வைப்ரேட்டர் இறங்க இடமிருக்காது. தேன்கூடு போல ஓட்டை விழுந்த சந்திப்பு எந்தக் கணக்குக்கும் அடங்காது.

அளவைக் கூட்டுவதுதான் வழி. 450 × 450, எட்டு 25 மி.மீ. கம்பி: 306, 311, தொகை 617. விகிதம் 1.54. விதி நிறைவேறிவிட்டது. 500 × 500, பன்னிரண்டு 20 மி.மீ. கம்பி: 350, 360, தொகை 710. விகிதம் 1.77. இரண்டிலும் கம்பியின் எடை ஏறக்குறைய ஒன்றுதான், 500 தூணில் கொஞ்சம் குறைவுகூட.

சிக்கனம் பார்ப்பவர்கள் 450-இல் நின்றுவிடுவார்கள். நான் நிற்க மாட்டேன். காரணம் ஸ்லாப்.

ஸ்லாபில் ஒளிந்திருக்கும் கம்பி

மேல்கம்பி இழுபடும்போது பீம் மட்டும் இழுபடுவதில்லை. பீமோடு சேர்த்து ஊற்றிய ஸ்லாபும் இழுபடுகிறது. பீமுக்கு இணையாக ஓடும் ஸ்லாபின் மேல்கம்பிகள் பீமின் மேல்கம்பியாகவே வேலை செய்கின்றன. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் த்ஸுகுபாவில் அமெரிக்க, ஜப்பானிய ஆய்வாளர்கள் சேர்ந்து ஏழு மாடிக் காங்கிரீட் கட்டடம் ஒன்றை முழு அளவில் கட்டிச் சோதித்தார்கள். பீமின் வலுவில் ஸ்லாபின் பங்கை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது என்று துறைக்கு உறைக்க வைத்த சோதனைகளில் அது ஒன்று. ஏ.சி.ஐ. 318 இந்தக் கம்பிகளையும் பீமின் திறனில் சேர்க்கும்படி வெளிப்படையாகச் சொல்கிறது.

நம் எடுத்துக்காட்டில் பங்கெடுக்கும் அகலத்தில், பீமின் அகலம் போக, 150 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 8 மி.மீ. கம்பி எட்டு விழுகிறது என்று வைப்போம். வெறும் 402 சதுர மில்லிமீட்டர். ஆனால் அவை பீமின் மேல்கம்பியைவிட உயரத்தில், 475 ஆழத்தில் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துச் சமன் செய்தால் 221 என்ற திறன் 291 ஆகிறது. எட்டு ஒல்லிக் கம்பி 70 கிலோநியூட்டன்-மீட்டரைக் கூட்டிவிட்டது.

இப்போது ΣMb = 291 + 180 = 471. தேவை 659. 450 தூணின் 617 போதாது, விகிதம் 1.31-க்கு இறங்கிவிட்டது. 500 தூணின் 710 தாங்குகிறது, விகிதம் 1.51. ஸ்லாபைச் சேர்க்காமல் பார்த்தபோது இரண்டும் தேறிய மாதிரித்தான் இருந்தன. என் வழக்கம், ஸ்லாபின் மேல்கம்பி தூணைத் தாண்டித் தொடர்ந்து ஓடினால் அதைச் சேர்ப்பது, சந்திப்புக்கு அருகிலேயே நின்றுவிட்டால் விடுவது. ஓரத் தூண்களில் அந்தக் கம்பிகள் குறுக்குப் பீமுக்குள் வளைத்து நிறுத்தப்பட்டிருக்கும். அங்கே முழுப் பங்கையும் எடுப்பது மிகை.

தூணைப் பெரிதாக்கியதோடு வேலை முடியவில்லை. 400-லிருந்து 500-க்குப் போனதில் தூணின் விறைப்பு 2.4 மடங்கு கூடுகிறது. விறைப்பு கூடினால் கட்டடத்தின் அலைவு நேரம் குறையும், நடுக்க விசை கூடலாம், தூண்களுக்கும் பீம்களுக்கும் இடையே வளைவு பங்கு மாறும். ஆகவே புதிய அளவோடு பகுப்பாய்வை மறுபடி ஓட்டி, பீம் கம்பி கூடியிருக்கிறதா என்று பார்த்து, கூடியிருந்தால் சந்திப்புக் கணக்கை மறுபடி போட வேண்டும். இரண்டு சுற்றில் நிற்காமல் மூன்றாவது சுற்றும் கேட்டால், பீம் அதன் நீளத்துக்கு மிகப் பெரியதாக எடுக்கப்பட்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பீமின் ஆழத்தைக் குறைப்பது பல சமயம் தூணை வளர்ப்பதைவிட மலிவான தீர்வு.

சைட்டில் கணக்கு கவிழும் இடம்

அலுவலகத்தில் சரியாக வந்த இந்தக் கணக்கு சைட்டில் கவிழ்வது பெரும்பாலும் நல்லெண்ணத்தால். “20 ஸ்டாக் இல்ல சார், 25-ஆவே போட்டுட்டோம், நல்லதுதானே” என்பார் கம்பி மேஸ்திரி. வேறு எந்த இடத்திலும் நல்லதுதான்.

பீமின் மேல்கம்பி நான்கும் 25 ஆகிவிட்டால் என்னவாகும் என்று போட்டுப் பார்ப்போம். பரப்பு 1,963, இழுவிசை 854 கிலோநியூட்டன், திறன் 330. ஸ்லாபைச் சேர்க்காமலே ΣMb = 330 + 180 = 510. அதன் 1.4 மடங்கு 714. நம் பெரிய 500 தூணின் 710-கூட அதற்கு எட்டவில்லை. ஸ்லாபையும் சேர்த்தால் இன்னும் மோசம். அதோடு வேறு இரண்டும் உடைகின்றன. சந்திப்பு முகத்தில் கீழ்க்கம்பி, மேல்கம்பியில் பாதியாவது இருக்க வேண்டும் என்பது விதி. 1,963-இல் பாதி 982, நம்மிடம் இருப்பது 942. சந்திப்பின் ஊடாகப் போகும் பீம் கம்பியின் விட்டத்தைப் போல 20 மடங்காவது தூணின் அகலம் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. 25 மி.மீ. கம்பிக்கு 500 வேண்டும். 450 தூணோடு நின்றிருந்தால் கம்பி சந்திப்புக்குள் வழுக்கத் தொடங்கும் நிலை.

மாற்றுக் கம்பி போடுவதே கூடாது என்று சொல்லவில்லை. அதே பரப்புக்கு அருகில் வருமாறு மாற்றலாம். நான்கு 20-க்குப் பதில் இரண்டு 25-உம் இரண்டு 12-உம் போட்டால் 1,208, தூண் அகலம் 500 இருக்கும்வரை அது ஒத்துவரும். பரப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது, வளைவுத் தேவைக்குப் போதுமா என்று பார்த்துவிட்டுச் சம்மதிக்க வேண்டும். வரைபடத்தில் பீம் கம்பி அட்டவணைக்குக் கீழே “எழுத்தில் அனுமதியின்றிப் பீம் கம்பியின் விட்டத்தையோ எண்ணிக்கையையோ கூட்டக் கூடாது” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கூட்டக் கூடாது என்று படித்ததும் மேஸ்திரிக்கு வியப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்த வியப்பிலேயே போன் பண்ணிக் கேட்பார்.

கம்பியின் தரமும் இதே வகைச் சிக்கல். 500 என்று வாங்கும் கம்பி உண்மையில் 500-இல் இளகுவதில்லை, அதற்கு மேல்தான். எவ்வளவு மேல் என்பதற்கு ஐ.எஸ். 13920 வரம்பு வைத்திருக்கிறது: குறித்த வலுவைவிட 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதாவது 600. நாம் கணக்கில் எடுத்தது 0.87 × 500, அதாவது 435. 600-ஐ 435-ஆல் வகுத்தால் 1.38. வரம்பின் உச்சியில் இருக்கும் கம்பி பீமில் விழுந்தால் 1.4 என்ற இடைவெளி முழுவதையும் அதுவே விழுங்கிவிடப் பார்க்கும். தூணிலும் அதே லாரியில் வந்த கம்பிதானே, காங்கிரீட்டுக்கும் கணக்கில் கழிவு வைத்திருக்கிறோமே என்றால், ஆமாம், அதனால்தான் கட்டடம் தப்பிக்கிறது. ஆனால் பீமுக்கு ஒரு ஆலைக் கம்பியும் தூணுக்கு வேறு ஆலைக் கம்பியும் வரும் சைட்டில் அந்த ஆறுதல் கிடையாது. ஆலைச் சோதனைச் சான்றிதழில் குறைந்தபட்ச வலு எட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் பழக்கம் நமக்கு. நடுக்க மண்டலத்தில் அதே வரியில் மேல் வரம்பையும் பாருங்கள். 500டி என்று வந்த கம்பி 620 காட்டினால் திருப்பி அனுப்ப விதியே துணை.

1.4 தருவதும் தராததும்

1.4 இருந்துவிட்டால் தூண் இளகவே இளகாது என்று எண்ண வேண்டாம். சந்திப்பில் பீம்கள் தரும் வளைவை மேல் தூணும் கீழ்த் தூணும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. கட்டடம் ஆடும் விதத்தைப் பொறுத்து ஒரு கணத்தில் பெரும்பங்கும் ஒரு தூண்மேல் விழலாம். நடுக்கம் மூலைவாட்டில் வந்தால், இரு திசைப் பீம்களும் ஒரே நேரத்தில் இளகி, தூணை இரு அச்சிலும் ஒன்றாக வளைக்கும். நாம் ஒவ்வொரு திசையையும் தனியாகத்தான் பார்த்தோம். தனித்தனியாக 1.77 காட்டும் தூணும் மூலைவாட்டில் அவ்வளவு தாராளமாக இருக்காது. இதனாலேயே எனக்கு 1.4-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும் விகிதம் பிடிப்பதில்லை, நடுத்தூண்களில் குறிப்பாக.

தரைத்தளத் தூணின் அடிமுனை எப்படியும் இளகும். பீம்கள் எல்லாம் இளகிக் கட்டடம் ஒரே சாய்வில் சாய வேண்டுமென்றால் அடியில் திரும்பித்தானே ஆக வேண்டும். அங்கே இந்தக் கணக்குக்கு வேலையில்லை. கூரை மட்டத்துச் சந்திப்புகளுக்கும் விதி விலக்கு தருகிறது, எவ்வகைக் கட்டடத்துக்கு என்பதை 7.2.1-இன் உட்பிரிவில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மாடி இல்லை என்பதால், அங்கே தூண் முனை இளகினாலும் பீம் முனை இளகினாலும் சாயும் வடிவம் ஒன்றுதான்.

ஆகவே தூண் முனைகளில் நெருக்கமான ரிங்கை 1.77 இருக்கிறதே என்று தளர்த்தக் கூடாது. நம் 500 தூணுக்கு விதி மூன்று வரம்பு தருகிறது: தூண் அகலத்தில் கால் பங்கு 125, மெல்லிய நீள்கம்பியின் ஆறு மடங்கு 120, இல்லையேல் 100 மில்லிமீட்டர். மூன்றில் சிறியது 100. ரிங்கின் கொக்கி 135 பாகைக்கு உள்நோக்கி வளைந்து காங்கிரீட்டுக்குள் போக வேண்டும். 90 பாகையில் வளைத்துவிட்ட ரிங், மேல்மூடி காங்கிரீட் உதிர்ந்ததும் விரிந்துவிடும்.

அகலம் குறைந்த நீள்தூண்கள் வேறு ஒரு தொல்லை. 230 மி.மீ. சுவருக்குள் மறைக்க 230 × 600 என்று எடுக்கும் பழக்கம் 2016 திருத்தத்துக்குப் பின் சட்டகத் தூணுக்குச் செல்லாது, குறைந்தது 300 வேண்டும். 300 × 600 என்று எடுத்தாலும், 600 பக்கத்தில் 2-ஐத் தாண்டும் விகிதம் 300 பக்கத்தில் 1-க்குக் கீழே இறங்குவதைப் பார்க்கலாம். அச்சிட்ட அட்டவணையில் பெரும்பாலும் ஒரு திசை மட்டும் சிவப்பாக இருக்கும், அதை ஓரமாகத் தள்ளிவிடத் தோன்றும். அந்தத் திசையில் பீமின் ஆழத்தைக் குறைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் கட்டடக் கலைஞரிடம் பேசிச் சதுரத் தூணுக்கு இடம் வாங்குங்கள். அதுவும் நடக்காவிட்டால் அந்தத் திசையின் நடுக்க விசைக்கு வெட்டுச் சுவர் வைத்து, அந்தத் தூணைப் பாரத்துக்கு மட்டும் விட்டுவிடலாம். அப்படி விட்டாலும் கட்டடம் ஆடும்போது அந்தத் தூணும் கூடவே வளைந்துகொடுத்துப் பாரத்தைத் தாங்கியாக வேண்டும் என்பதால், அதன் முனை ரிங்குகளையும் மேலே சொன்ன இடைவெளியிலேயே கட்டச் சொல்லுங்கள்.